சளிக்குப் பின் வரும் காது வலி: மருந்தோடு காத்திருப்பது எப்படி

சளி பிடித்த முதல் நாளே குழந்தைக்குக் காது வலி வருவது குறைவு. மூக்கொழுகல் தொடங்கி மூன்று, நான்கு, ஐந்து நாள் ஆன பிறகு, ‘இனித் தேறிவிடும்’ என்று வீட்டார் நினைக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் வரும். அதுவும் இரவில், படுத்துச் சிறிது நேரம் கழித்து. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால், அடுத்த இரண்டு மூன்று நாளில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதில் பாதி தானாகவே தெளிவாகிவிடும்.

செவிப்பறைக்கு உட்புறம் காற்று நிறைந்த ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் நடுக்காது. இந்த அறையிலிருந்து மூக்கின் பின்பகுதிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு நொடி திறந்து, அறைக்குள் புதுக் காற்றை விடும். விமானம் இறங்கும்போது எச்சிலை விழுங்கினால் காதடைப்பு விடுவதும் இந்தக் குழாயால்தான். பெரியவர்களுக்கு அது சற்று நீளமாக, சரிவாக இருக்கும். சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறைய படுக்கைவாட்டிலும் இருக்கும். சளிக் கிருமி மூக்கின் பின்பகுதியை வீங்க வைத்தால் குழாயின் வாய் அடைபட்டுப் போகிறது. அறைக்குள் இருக்கும் காற்றை உடல் உறிஞ்சிக்கொள்ள, அங்கே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள சவ்விலிருந்து நீர் கசிந்து தேங்குகிறது. மூக்கில் சும்மா குடியிருந்த பாக்டீரியாக்கள் அந்த நீருக்குள் போய்ப் பெருகினால் சீழாகிறது. இதற்கெல்லாம் சில நாள் ஆகும் என்பதால்தான் வலி தாமதமாக வருகிறது. சீழ் செவிப்பறையை உள்ளிருந்து வெளியே தள்ளுவதுதான் அந்த வலி. படுத்தால் அந்தப் பகுதியில் இரத்த ஓட்டமும் வீக்கமும் கூடும். பகலில் விளையாட்டில் மறந்திருந்த வலி இரவில் குழந்தையை எழுப்பிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சீழ் தேங்கியிருப்பது மூடிய அறை என்றாலும் வடிகால் நிரந்தரமாக அடைபட்டதல்ல. சளி குறையக் குறையக் குழாய் மீண்டும் திறக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்துகொள்ள, பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே ஆறிவிடுகிறது. காத்திருந்து பார்க்கும் முறை இந்த இயல்பின் மேல்தான் நிற்கிறது.

எத்தனை பேருக்குத் தானாக ஆறும் என்பதற்குக் கணக்கு உண்டு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆண்டிபயாடிக் கொடுத்தாலும் வெற்று மருந்து கொடுத்தாலும், 100 குழந்தைகளில் ஏறக்குறைய 60 பேருக்கு 24 மணி நேரத்திற்குள் வலி போய்விடுகிறது. முதல் நாளின் வலியை ஆண்டிபயாடிக் குறைப்பதில்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் அதற்குப் பலன் இருக்கிறது, ஆனால் சிறியது: சுமார் 20 குழந்தைகளுக்குக் கொடுத்தால் அதில் ஒரு குழந்தைக்கு வலி சீக்கிரம் தீர்கிறது. சுமார் 14 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ தோலில் தடிப்போ வருகிறது. பலன், தொல்லை இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்போது, எல்லாக் குழந்தைக்கும் முதல் நாளே பாட்டிலைத் திறப்பதில் நியாயம் இல்லை. ஆனால் இந்தச் சராசரி எல்லோருக்கும் பொருந்தாது. இரண்டு வயதுக்குக் குறைந்து இரண்டு காதிலும் தொற்று உள்ள குழந்தைக்கும், காதிலிருந்து சீழ் வடியும் குழந்தைக்கும் ஆண்டிபயாடிக்கின் பலன் தெளிவாகவே அதிகம். ஆகவே, காத்திருப்பது நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்தக் குழந்தை காத்திருக்கலாமா என்றே கேட்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தப் பேச்சே கிடையாது. உடனே மருத்துவம் வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டாலே, காரணம் காதோ வேறு எதுவோ, நேராக மருத்துவமனைதான். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை, இரண்டு காதிலும் தொற்று இருந்தால் ஆண்டிபயாடிக் தொடங்குவதே வழக்கம். ஒரு காது மட்டும், அதுவும் இலேசாக இருந்தால் காத்திருக்கலாம். இரண்டு வயதைத் தாண்டினால் ஒரு காதோ இரண்டு காதோ, இலேசானதாக இருந்தால் காத்திருக்கலாம். எந்த வயதானாலும் காய்ச்சல் 39 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால், வலி கடுமையாக இருந்தால், வலி தொடங்கி 48 மணி நேரம் கடந்திருந்தால், அல்லது காதிலிருந்து சீழ் வடிந்தால் ‘இலேசானது’ என்ற கணக்கில் அது சேராது. எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை, காதுக்குள் சிறுகுழாய் வைத்த குழந்தை, அண்ணப்பிளவு உள்ள குழந்தை ஆகியோரின் கதை வேறு. அவர்களை முதலிலிருந்து பார்த்துவரும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு: வெள்ளிக்கிழமை விடியற்காலை 1 மணி, செந்தூல்

தாடிக்காவுக்குப் போகும் மூன்று வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். எடை 14 கிலோ. திங்கட்கிழமை மூக்கொழுகல் தொடங்கியது. வெள்ளி விடியற்காலை 1 மணிக்கு வலது காதைப் பிடித்துக்கொண்டு அழுது எழுகிறான். காய்ச்சல் 38.2. கழுத்தைத் தாராளமாகத் திருப்புகிறான், தண்ணீர் குடிக்கிறான், கூப்பிட்டால் பார்க்கிறான். காதுக்குப் பின்னால் வீக்கம் இல்லை. இந்த நிலையில் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடத் தேவையில்லை. வலியைக் குறைப்பதுதான் உடனடி வேலை.

பராசிட்டமோல் ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். 14 கிலோவுக்கு 210 மில்லிகிராம். இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. நம்மூர் ஃபார்மசியில் பராசிட்டமோல் சிரப் குறைந்தது இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது: 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. முதலாவது பாட்டில் என்றால் இந்தப் பையனுக்கு 8.75 மில்லிலிட்டர் வேண்டும். இரண்டாவது என்றால் 4.2 மில்லிலிட்டர் போதும். அம்மா பழைய பாட்டிலின் கணக்கிலேயே புதுப் பாட்டிலிலிருந்து 8.75 ஊற்றினால் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். மறுபக்கம், வீரியம் கூடிய பாட்டிலின் அளவை நினைத்து வீரியம் குறைந்த பாட்டிலிலிருந்து 4.2 ஊற்றினால் பாதி மருந்துகூடப் போகாது; வலி குறையாமல், ‘பராசிட்டமோல் வேலை செய்யவில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஃபார்மசியில் கேட்டால் கோடு போட்ட பிளாஸ்டிக் சிரிஞ்சு கிடைக்கும்.

முதல் நாள் முழுக்க இதை ‘அழுதால் கொடுப்போம்’ என்று விடக் கூடாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒழுங்காகக் கொடுப்பது நல்லது: 1 மணி, காலை 7 மணி, மதியம் 1 மணி, இரவு 7 மணி. 24 மணி நேரத்துக்கு நான்கு வேளைதான் எல்லை. அதற்கு மேல் கூடாது. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். சளிக்கென்று வாங்கி வைத்த கலவைச் சிரப்பில் பராசிட்டமோல் ஏற்கெனவே கலந்திருக்கலாம் என்பதால், அதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சளிக் கலவை மருந்துகள் நடுக்காதுத் தொற்றை ஆற்றுவதுமில்லை, சுருக்குவதுமில்லை.

ஐபுப்ரோஃபெனும் வலிக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் டிங்கி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் நோய். டிங்கியில் ஐபுப்ரோஃபென் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். காய்ச்சல் இருக்கும் குழந்தைக்கு, டிங்கி இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை பராசிட்டமோலோடு நிற்பதே பாதுகாப்பு. ஆஸ்பிரின் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தைக்கு வேண்டாம்.

பாட்டி பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடச் சொல்வார். அந்த அக்கறையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எண்ணெயை மட்டும் விட வேண்டாம். நோய் செவிப்பறைக்கு உள்ளே இருக்கிறது. ஓட்டை இல்லாத செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் போகாது. செவிப்பறை ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தால் எண்ணெய் உள்ளே போய் நிலைமையைக் கெடுக்கும். ஓட்டை இருக்கிறதா என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தவிர, எண்ணெய் நிறைந்த காதுக்குள் டாக்டருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. சூடு வேண்டுமென்றால், வெதுவெதுப்பான துணியைக் காதின் வெளிப்புறத்தில் வைக்கலாம். அதை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள்.

காலையில் கிளினிக்கில்

கிளினிக்கில் டாக்டர் ஓட்டோஸ்கோப்பால் காதுக்குள் பார்ப்பார். அவர் தேடுவது சிவப்பை மட்டுமல்ல. அழுத குழந்தைக்கும் காய்ச்சல் உள்ள குழந்தைக்கும் செவிப்பறை சிவந்துதான் இருக்கும். நோய் உறுதியாவது செவிப்பறை வெளியே புடைத்திருப்பதால். உள்ளே நீர் அல்லது சீழ் இருப்பதால் அது மங்கிக் காணப்படும். இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் சிவப்பை மட்டும் பார்த்துத் தொற்று என்று முடிவு செய்தால், தேவையில்லாத பல குழந்தைகளுக்கு ஆண்டிபயாடிக் போய்விடும். பெற்றோர் கேட்கத் தகுந்த கேள்விகள் மூன்று: ‘ஒரு காதா, இரண்டு காதா? செவிப்பறை புடைத்திருக்கிறதா, சிவந்து மட்டும் இருக்கிறதா? ஓட்டை அல்லது வடிதல் இருக்கிறதா?’ பதிலை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து வேறொரு கிளினிக்குக்குப் போக நேர்ந்தால் அந்தக் காகிதம்தான் அங்கே உதவும்.

நம் எடுத்துக்காட்டில் வலது காது மட்டும். புடைப்பு இருக்கிறது, வடிதல் இல்லை. காய்ச்சல் 38.2ஐத் தாண்டவில்லை, பராசிட்டமோல் கொடுத்தபின் வலி குறைந்து, குழந்தை கஞ்சி குடித்தான், பேசினான். வயதோ மூன்று. இந்தக் குழந்தை காத்திருக்கத் தகுந்தவன்.

காத்திருப்பது என்றால் டாக்டரிடம் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வருவதல்ல. ஒரு கெடு, ஒரு மாற்றுத் திட்டம், இரண்டும் கையில் இருக்க வேண்டும். கெடு 48 முதல் 72 மணி நேரம். வெள்ளி காலை 10 மணிக்குத் தொடங்கினால், ஞாயிறு காலை 10 மணிக்கும் திங்கள் காலை 10 மணிக்கும் இடையில் முடிவு எடுத்தாக வேண்டும். இங்கே பலரும் தவறவிடுவது வாரக் கடைசி. ஒரு ரிங்கிட்டில் பார்த்துவிடக்கூடிய அரசாங்கக் கிளினிக்குகளில் பெரும்பாலானவை சனி ஞாயிறு திறந்திருப்பதில்லை. ஆகவே வெள்ளியன்றே டாக்டரிடம் கேளுங்கள்: ‘ஞாயிற்றுக்கிழமை குறையவில்லை என்றால் நாங்கள் எங்கே போவது, என்ன தொடங்குவது?’

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. டாக்டர் ஆண்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்து, அல்லது கிளினிக்கிலேயே தந்து, குறிப்பிட்ட நிலை வந்தால் மட்டும் தொடங்கச் சொல்வார். குழந்தைகளுக்கான ஆண்டிபயாடிக் சிரப் பல நேரம் தூளாகவே பாட்டிலில் வரும். தண்ணீர் சேர்த்த பிறகுதான் அதன் ஆயுள் சில நாள்களாகக் குறைகிறது. எனவே கலக்காமல் தூளாகவே வாங்கிக்கொண்டு, கலக்கும் முறையை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: காய்ச்சி ஆற்றிய நீர், பாட்டிலில் போட்ட கோடுவரை, முதலில் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதி. அமெரிக்காவில் ஒரு அவசரப் பிரிவில் நடந்த ஆய்வில், இப்படிக் காத்திருக்கச் சொல்லி மருந்துச்சீட்டு பெற்ற குடும்பங்களில் ஏறக்குறைய 62 விழுக்காட்டினர் கடைசிவரை மருந்தை வாங்கவே இல்லை. உடனே தொடங்கச் சொன்னவர்களில் வாங்காதவர்கள் 13 விழுக்காடுதான்.

வெள்ளியும் சனியும் வீட்டில் செய்ய வேண்டியது எளிது. ஒரு தாளில் நேரம், உடல் வெப்பம், கொடுத்த மருந்து, எத்தனை மணி நேரம் தூங்கினான், குடித்தானா என்று எழுதுங்கள். அம்மா பகலிலும் அப்பா இரவிலும் பார்த்துக்கொள்ளும் வீட்டில், ஒரே வேளை மருந்து இரண்டு முறை போகாமல் இருக்கவும் அந்தத் தாள் உதவும். முன்னேற்றம் என்பதை நோய் முழுதாகத் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி விட்டுவிட்டு வருகிறது, இரவில் இரண்டு முறைக்குப் பதில் ஒரு முறை எழுகிறான், காய்ச்சல் 38க்குக் கீழே வந்துவிட்டது என்றால் போகும் திசை சரி. சனிக்கிழமை இரவும் அதே அளவு வலி, காய்ச்சல் திரும்பி ஏறுகிறது என்றால் ஞாயிறு காலை அந்தப் பாட்டிலைத் தொடங்குவது அல்லது திரும்ப டாக்டரைப் பார்ப்பது என்ற கட்டம் வந்துவிட்டது. அதை ‘இன்னும் ஒரு நாள் பார்ப்போம்’ என்று தள்ளக் கூடாது.

தொடங்கினால், பெனிசிலின் ஒவ்வாமை இல்லாத குழந்தைக்குப் பொதுவாக முதல் தேர்வு அமாக்சிசிலின். பல மருத்துவ வழிகாட்டிகள் ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து என்கின்றன. நம் பையனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிகிராம், அதாவது ஒரு வேளைக்கு 600. பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றிருந்தால் 12 மில்லிலிட்டர். இந்த அளவைப் பார்த்து ‘இவ்வளவா’ என்று பயந்து பாதியாக்கும் பெற்றோர் உண்டு. மூடிய அறைக்குள் இருக்கும் சீழை மருந்து போதுமான செறிவில் எட்ட வேண்டும் என்பதற்காகவே அளவு கூடுதல். இறுதி அளவையும் நாள் எண்ணிக்கையையும் டாக்டர்தான் சொல்வார். அதைப் பாதியில் நிறுத்தவோ, அண்ணனுக்கு மீந்த பழைய பாட்டிலைத் தம்பிக்குக் கொடுக்கவோ கூடாது. தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

கெடுவுக்கு முன்பே புறப்பட வேண்டிய நிலைகள்

காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு வீங்கிச் சிவந்து, காது மடல் முன்னோக்கித் தள்ளியிருந்தால் தொற்று எலும்புக்குப் பரவியிருக்கலாம். முகத்தில் ஒரு பக்கம் கோணிப்போவது, கழுத்து விறைப்பு, எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, தலை சுற்றித் தள்ளாடுவது, நிற்காத வாந்தி, தண்ணீர்கூட உள்ளே தங்காதது: இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திறக்கும்வரை பார்த்திருக்காதீர்கள். 999ஐ அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேராகப் போகலாம். இவை அபூர்வமானவை, தெரிந்துவைத்திருந்தால் போதும்.

இதைவிட அதிகம் நடப்பதும், பெற்றோரை அதிகம் பயமுறுத்துவதும் வேறொன்று. இரவு முழுக்க வலித்த காதில் விடியற்காலை திடீரென வலி நின்றுவிடும். தலையணையில் மஞ்சளாக, சில சமயம் இரத்தம் கலந்து ஈரம் இருக்கும். அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் சிறு ஓட்டை விழுந்து சீழ் வெளியேறியிருக்கிறது. பெரும்பாலும் அந்த ஓட்டை சில வாரங்களில் தானாக மூடிவிடும். ஆனால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காத்திருக்கும் கணக்கிலிருந்து குழந்தை வெளியேறிவிட்டான். பஞ்சை உள்ளே அழுத்தாமல் வெளியே மட்டும் துடையுங்கள். மூடியதென்று டாக்டர் சொல்லும்வரை குளிக்கும்போது காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சல் குளமும் வேண்டாம்.

வலி போன பிறகு

வலியும் காய்ச்சலும் போன பிறகும் நடுக்காதில் நீர் சில வாரம் தங்கும். ஒரு மாதம் கழித்தும் சுமார் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அது இருக்கும். அதற்கு ஆண்டிபயாடிக் தேவையில்லை. நீர் இருக்கும்வரை காது மந்தமாகக் கேட்கும் என்பதால், தாடிக்கா ஆசிரியரிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது. பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை அடம்பிடிக்கிறான் என்று நினைத்துவிடக்கூடும். டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறானா, ‘என்ன?’ என்று அடிக்கடி கேட்கிறானா, பேச்சு பின்தங்குகிறதா என்று கவனியுங்கள். மூன்று மாதமாகியும் இவை மாறவில்லை என்றால் கேட்கும் திறன் பரிசோதனைக்கு அனுப்பும்படி டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முன்பே பேச்சில் தாமதம் தெரிந்தால் மூன்று மாதம் வரைக்கும் இழுக்க வேண்டாம்.

வீட்டுக்குள் சிகரெட் புகை இருந்தால் இந்தத் தொற்று அடிக்கடி வரும்; பால்கனியில் குடித்துவிட்டு உள்ளே வருவதும் உடையோடு புகையைக் கொண்டுவரும். மலேசியத் தடுப்பூசி அட்டவணையில் 2020 முதல் பிறந்த குழந்தைகளுக்கு நியூமோகாக்கல் ஊசி சேர்க்கப்பட்டிருக்கிறது. 4, 6, 15 மாதங்களில் போடப்படுகிறது. நடுக்காதுத் தொற்றின் முக்கியக் கிருமிகளில் ஒன்றுக்கு எதிரானது அது. புத்தகத்தைத் திறந்து பாருங்கள்; ஏதாவது தவணை விட்டுப்போயிருந்தால் சளி தீர்ந்ததும் அதைப் போட்டுவிடுங்கள்.